10.25க்கு வந்துவிடுவேன்

காலை 9.32. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில் பல்லாவரத்தைத் தாண்டி, திரிசூலத்துக்கு முன்னால் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். கதவோரம் நிற்கும் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் 10 மணிக்கு நந்தனத்தில் ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அங்கே நான்கு பேர் அவருக்காகக் கூடுகிறார்கள். செல்பேசியை எடுக்கிறார். விரல் தானாக அடிக்கும் வாசகம் ஒன்று உண்டு: “ஆன் த வே சார், கிட்ட வந்துட்டேன்.”

அதை அனுப்புவதற்கு முன் அவர் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரயில் கிளம்பினால் கிண்டிக்குச் சுமார் 12 நிமிடம். அங்கே மெட்ரோவில் ஏறினால் சின்னமலை, சைதாப்பேட்டை, அடுத்தது நந்தனம்; அது ஒரு 6 நிமிடம். மொத்தம் 18. அதனால்தான் 10 மணிக்கே போய்விடலாம் என்று மனசு சொல்கிறது.

மனசு கணக்கில் எடுத்தது வண்டி ஓடும் நேரத்தை மட்டும். கிண்டியில் கூட்டத்தோடு படியேறி, நடைமேம்பாலத்தைக் கடந்து, பையைச் சோதனை இயந்திரத்தில் வைத்து எடுத்து மெட்ரோ நடைமேடைக்குப் போக 8 நிமிடம். வண்டிக்குக் காத்திருக்க 5. நந்தனத்தில் சுரங்கத்திலிருந்து மேலேறி அலுவலக வாசலுக்கு நடக்க 6. வாசலில் பதிவேட்டில் பெயர் எழுதி, லிஃப்டுக்கு நின்று, நான்காவது மாடிக்குப் போக இன்னும் 5. இந்த நிமிடங்கள் எல்லாம் தோராயம்தான். ஆனாலும் நடப்பதும் நிற்பதும் ஏறுவதுமாக 24 நிமிடம் சேர்ந்துவிட்டது. ஓடும் நேரத்தைவிட அதிகம். ஆக 42 நிமிடம். ரயில் நிற்காமலே போயிருந்தாலும் அவர் 10.14க்குத்தான் உட்கார்ந்திருப்பார். சிக்னலுக்கு ஒரு 10 நிமிடம் கூட்டினால் 10.24.

இப்படிக் குறைத்துக் கணக்கிடும் பழக்கத்துக்கு டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் ‘திட்டமிடல் பிழை’ என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார்கள். ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய மூன்று உளவியலாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாமே சொதப்பினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன 49 நாள்கூடப் போதவில்லை. தங்கள் பழைய அனுபவத்தை இந்த வேலையோடு பொருத்திப் பார்க்கச் சொன்னபோதுதான் கணிப்பு உண்மைக்கு நெருங்கி வந்தது.

ரயிலில் நிற்பவருக்கும் அதே வழிதான் உதவும். ‘இன்னும் எவ்வளவு தூரம்’ என்று கேட்டுக்கொள்வதைவிட, ‘போன முறை இதே பல்லாவரத்திலிருந்து அந்த நாற்காலிக்குப் போக எவ்வளவு ஆச்சு’ என்று கேட்டுக்கொள்வது நல்லது. வரைபடச் செயலி காட்டும் நேரமும் கட்டட வாசலோடு முடிந்துவிடும். பதிவேடும் லிஃப்டும் அதற்குத் தெரியாது. சிக்னலில் நிற்கும் புறநகர் ரயிலையும் அது எப்போதும் அறிந்துகொள்வதில்லை.

நேரம் கிடைத்துவிட்டால் செய்தி சுருங்கிவிடும்.

“சார், பல்லாவரம் தாண்டி ட்ரெயின் நிக்குது. 10.25க்கு மீட்டிங் ரூம்ல இருப்பேன். விலைப் பட்டியல் உங்க மெயில்ல இருக்கு, நீங்க அதைப் பார்த்து ஆரம்பிச்சிடலாம்.”

‘இன்னும் 50 நிமிஷம்’ என்று இல்லாமல் கடிகார நேரமாக எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. 9.35க்கு அனுப்பியதை அந்தப் பக்கம் 9.50க்குத்தான் திறந்து பார்க்கிறார்கள் என்றால், 50 நிமிடத்தை எங்கிருந்து எண்ணுவது? 10.25 எப்போது படித்தாலும் 10.25தான். ‘மீட்டிங் ரூம்ல’ என்பதும் அப்படியே. நந்தனம் நிலையத்துக்கு வரும் நேரத்தைச் சொல்லிவிட்டால், காத்திருப்பவர்கள் மேலும் 11 நிமிடம் கதவைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

கடைசி வாக்கியம் அங்கே இருப்பவர்களுக்கு ஒரு வழியைத் திறந்துவிடுகிறது. அவர்கள் விலைப் பட்டியலைப் புரட்டலாம், வேறு வேலையை முன்னால் இழுத்துக்கொள்ளலாம், கூட்டத்தையே 10.30க்குத் தள்ளலாம். இதற்கெல்லாம் அவகாசம் வேண்டும் என்பதால்தான் செய்தி 9.35க்கே போக வேண்டும். இதே வாசகம் 9.58க்குப் போனால், நான்கு பேரும் அறைக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

காரணத்துக்கு அரை வரி போதும். ஜப்பானில் ரயில் தாமதமானால் ரயில் நிறுவனமே தாமதச் சான்றிதழ் தருகிறது. ஊழியர் அதை அலுவலகத்தில் காட்டினால் போதும். இங்கே அந்தச் சீட்டு இல்லாததால், சிக்னல் கோளாறிலிருந்து பெட்டி நெரிசல்வரை எல்லாவற்றையும் செய்தியிலேயே எழுதி நிரூபிக்கத் தோன்றுகிறது. அப்படி எழுதப்படும் ஏழெட்டு வரிகளில் ‘10.25’ எங்கோ நடுவில் புதைந்துபோகிறது. செல்பேசித் திரையின் மேல் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் முதல் இரண்டு வரியில் நேரம் தெரிந்தாக வேண்டும்.

ரயில் எப்போது கிளம்பும் என்றே தெரியாத நிலை வேறு. அப்போது ஒரு நேரத்தை ஊகித்துச் சொல்வது ஆபத்து. “10 மணிக்கு முன்னால தாமதமாகும், கிண்டி வந்ததும் சரியான நேரம் சொல்றேன்” என்பது போன்ற வார்த்தைகளால், அடுத்த தகவல் எப்போது வரும் என்பதையாவது சொல்லலாம். கிண்டிக்குப் பிறகு சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பதால் இரண்டாவது செய்திக்கு அதுவே சரியான இடம். சைதாப்பேட்டையிலிருந்து மெட்ரோ நிலத்துக்கடியில் போகிறது. அங்கே சிக்னல் சிக்காமல் போகலாம் என்பதற்காகவும் மேலே இருக்கும்போதே அனுப்பிவிடுவது நல்லது. கணக்கு மாறவில்லை என்றால் இரண்டாவது செய்தியே வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘மீனம்பாக்கம்’, ‘பழவந்தாங்கல்’ என்று நேர்முக வர்ணனை கொடுத்தால், கூட்டத்தில் இருப்பவருடைய செல்பேசிதான் சிணுங்கிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கு என்றால் இவ்வளவு கட்டுமானம் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் இருக்கும் இடத்தை நேரலையாக 15 நிமிடம், ஒரு மணி நேரம், 8 மணி நேரம் என்று பகிர முடியும். அம்மாவோ மனைவியோ வேண்டும்போது பார்த்துக்கொள்வார்கள். வாடிக்கையாளருக்கு அது பொருந்தாது. வரைபடத்தில் நகரும் புள்ளியைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடும் வேலை அவர் தலையில் விழுந்துவிடும்.

பைக்கிலோ காரிலோ வருபவருக்கு ரயில் பயணியின் வசதி கிடையாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவு, ஓட்டும்போது கையில் செல்பேசியைப் பயன்படுத்துவதை அபாயகரமாக ஓட்டுவதில் சேர்க்கிறது. எனவே ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்; அப்படி நிறுத்தும் இரண்டு நிமிடத்தையும் வந்துசேரும் நேரத்தில் கூட்டிக்கொள்ள வேண்டும். ஜிஎஸ்டி சாலையில் தினமும் வருபவர்களுக்கு நெரிசல் எங்கே தொடங்கும் என்பது தெரிந்ததுதான். அதற்கு முன்பே நிறுத்த ஓர் இடத்தைத் தேர்ந்துவைத்து, வாசகத்தையும் செல்பேசியில் சேமித்து வைத்தால், அங்கே மாற்ற வேண்டியது நேரத்தின் நான்கு இலக்கங்களை மட்டும்தான்.