ஆலை எப்போது ‘ரெடி’? ட்ரயல் ரன் செலவு எந்தக் கணக்கில் போகும்?

கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் அலகு 2013 அக்டோபர் 22 அன்று மின் தொகுப்போடு இணைக்கப்பட்டது. ஆனால் அந்த அலகு வணிக ரீதியான உற்பத்தியைத் தொடங்கியதாக அறிவிக்கப்பட்டது 2014 டிசம்பர் 31 அன்றுதான். நடுவில் 14 மாதங்கள். அந்தக் காலத்திலும் மின்சாரம் வந்தது, கம்பி வழியாகப் போனது, வீடுகளில் பல்பும் எரிந்தது. ஆனாலும் ஆலை இன்னும் ‘சோதனை’யில்தான் இருந்தது.

வெளியே இருந்து பார்த்தால் ஓடுகிற ஆலை. கணக்கு எழுதுபவருக்கோ இன்னும் முடியாத வேலை. இந்த இரண்டுக்கும் நடுவில் செலவான பணமும், வந்த பணமும் எங்கே போகும்? ஒரு கம்பெனியின் லாபத்தைச் சத்தமில்லாமல் கூட்டவோ குறைக்கவோ இந்த ஒரு கேள்வி போதும்.

முதலில், சி.டபிள்யூ.ஐ.பி என்றால் என்ன?

புது ஆலை கட்டும்போது சிமெண்ட், இயந்திரம், பொருத்தும் கூலி, இன்ஜினீயர் சம்பளம், கடன் வட்டி என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் ஆலை இன்னும் உருவாகவில்லை. அதனால் இவற்றையெல்லாம் ‘கேப்பிட்டல் ஒர்க் இன் ப்ராக்ரஸ்’, சுருக்கமாக சி.டபிள்யூ.ஐ.பி என்ற தலைப்பில் சேர்த்து வைப்பார்கள். பேலன்ஸ் ஷீட்டில் இதுவும் சொத்துப் பக்கத்தில்தான் இருக்கும்.

இந்தத் தலைப்புக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. சி.டபிள்யூ.ஐ.பி-யில் இருக்கும்வரை அந்தச் சொத்துக்குத் தேய்மானம் கிடையாது. ஆலைக்காக வாங்கிய கடனுக்கான வட்டியும் செலவாகக் காட்டப்படாமல் ஆலையின் விலையோடு சேர்ந்துகொள்ளும். ஆலை ரெடியானதும் மொத்தத் தொகையும் நிலையான சொத்துக்கு மாறும். அன்றிலிருந்து தேய்மானம் ஓட ஆரம்பிக்கும், வட்டியும் நேராக லாப நட்டக் கணக்கைத் தொடும்.

அப்படின்னா, எல்லாமே அந்த ஒரு தேதியில்தான் இருக்கு.

ரெடி என்பதை யார் முடிவு செய்வது?

இந்தியாவில் பெரிய கம்பெனிகள் பின்பற்றும் கணக்கியல் தரம் இண்ட் ஏஎஸ் 16. அது சொல்வது இதுதான்: நிர்வாகம் நினைத்த விதத்தில் இயங்கக்கூடிய இடத்துக்கும் நிலைக்கும் சொத்து வந்துவிட்டால், அது ரெடி. ‘இயங்கக்கூடிய’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். இயங்கியிருக்க வேண்டும் என்றோ, லாபம் தர வேண்டும் என்றோ, முழு கொள்ளளவை எட்ட வேண்டும் என்றோ தரம் கேட்கவில்லை.

திறப்பு விழா தேதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அமைச்சர் ரிப்பன் வெட்டும் நாள் வேறு, ஆலை ரெடியான நாள் வேறு.

சில துறைகளில் இதற்குத் தெளிவான அளவுகோலே இருக்கிறது. அனல்மின் அலகு என்றால், மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணைய விதிகளின்படி 72 மணி நேரம் தொடர்ந்து முழுத் திறனில் ஓடிக் காட்ட வேண்டும். அதற்கு முன் தொகுப்புக்குப் போகும் மின்சாரத்துக்கு ‘இன்ஃபர்ம் பவர்’ என்று பெயர். அதை விற்று வரும் பணத்தில் எரிபொருள் செலவு போக மிஞ்சுவதை, ஆலையின் மூலதனச் செலவில் கழித்துக்கொள்ள வேண்டும்.

பிற தொழில்களில் இப்படி எழுதி வைத்த மணிக்கணக்கு கிடையாது. இயந்திரம் விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து கையெழுத்திடும் கமிஷனிங் ரிப்போர்ட்தான் ஆடிட்டருக்கு முக்கிய ஆதாரம்.

ஒரு பிஸ்கட் ஆலையை வைத்துப் பார்ப்போம்

இது கற்பனை ஆலை. 2025 டிசம்பர் 31 நிலவரப்படி சி.டபிள்யூ.ஐ.பி 90 கோடி ரூபாய். கட்டடம் 20 கோடி, இயந்திரங்கள் 60 கோடி, பொருத்தும் வேலை 5 கோடி, அதுவரை சேர்ந்த வட்டி 5 கோடி. நிலம் இதில் இல்லை; அது ஏற்கெனவே தனிச் சொத்தாகக் கணக்கில் ஏறிவிட்டது. பாக்கியுள்ள கடன் 40 கோடி, வட்டி 10 சதவீதம்.

ஜனவரி முதல் வாரத்தில் ட்ரயல் ரன் தொடங்குகிறது. முதலில் மாவு போடாமல் வெறும் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கிறார்கள். பிறகு மைதா, சர்க்கரை, எண்ணெய் போட்டு ஓட்டுகிறார்கள். ஓவனின் ஒரு பகுதியில் சூடு அதிகம், பிஸ்கட் கருகுகிறது. அதைச் சரிசெய்தால் பேக்கிங் இயந்திரத்தின் வேகம் ஒத்துவரவில்லை. ஒருவழியாக பிப்ரவரி 15 அன்று சொன்ன வேகத்தில், சொன்ன தரத்தில் லைன் ஓடுகிறது. கமிஷனிங் ரிப்போர்ட்டில் கையெழுத்தாகிறது.

இந்தக் காலத்தில் மாவு, கேஸ், மின்சாரம், டெக்னீஷியன் கட்டணம் எல்லாம் சேர்த்து 2.5 கோடி ஆனது. இயந்திரம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் செலவு ஆலையின் விலையில் சேரும் என்பது விதி. ஆனால் மொத்தமும் அப்படியே சேராது.

முதல் கழிவு: குடோன் கூரையை மூடாமல் விட்டதால் 20 லட்சம் ரூபாய் மைதா மழையில் நனைந்து வீணானது. சோதனையில் பிஸ்கட் கருகுவது சகஜம், அது ட்ரயல் செலவுதான். மழையில் மாவு நனைவது அலட்சியம். இப்படி வழக்கத்தை மீறிய வீணடிப்பு சொத்தில் ஏறாது, நேராக நட்டக் கணக்குக்குப் போகும். மீதி 2.3 கோடி.

இரண்டாவது கழிவு: சோதனையில் வந்த பிஸ்கட்டில் நல்லதைக் கடைகளுக்கும், உடைந்ததை மாட்டுத் தீவனத்துக்கும் விற்றார்கள். விற்பனைச் செலவு போக 80 லட்சம் கிடைத்தது. இந்தப் பணம் வருமானம் அல்ல, ட்ரயல் செலவில் கழிய வேண்டியது. மீதி 1.5 கோடி.

இதோடு ஜனவரி 1 முதல் பிப்ரவரி 15 வரையிலான 46 நாள் வட்டி, சுமார் 50 லட்சம். ஆக 90 + 1.5 + 0.5 = 92 கோடி. பிப்ரவரி 16 அன்று இந்தத் தொகை சி.டபிள்யூ.ஐ.பி-யிலிருந்து வெளியேறி கட்டடம், இயந்திரம் என்று பிரிந்து நிலையான சொத்தில் உட்காரும். பொதுவான செலவுகளை இரண்டுக்கும் நியாயமான விகிதத்தில் பங்கிடுவார்கள்.

இந்தியா மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி

சோதனை பிஸ்கட் விற்ற பணத்தைச் செலவில் கழித்தோம் இல்லையா? உலகத் தரமான ஐஏஎஸ் 16-ல் இப்போது அப்படிச் செய்ய முடியாது. 2022 ஜனவரி 1 முதல் அமலான திருத்தத்தின்படி, சோதனைப் பொருளை விற்ற வருமானமும் அந்தப் பொருளைத் தயாரித்த செலவும் லாப நட்டக் கணக்குக்குத்தான் போக வேண்டும்.

இந்தியா அந்த வழியில் போகவில்லை. 2022 மார்ச்சில் மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் வெளியிட்ட திருத்தம், கழிக்கும் முறையையே தக்கவைத்தது. சோதனைச் செலவைவிட விற்பனைப் பணம் அதிகமாக இருந்தால்கூட அந்த உபரியை லாபமாகக் காட்டக் கூடாது, ஆலையின் விலையில்தான் கழிக்க வேண்டும் என்றும் தெளிவுபடுத்தியது. வெளிநாட்டுத் தாய்க் கம்பெனிக்கு ரிப்போர்ட் அனுப்பும் இந்தியக் கிளைகளில் ஒரே ட்ரயல் ரன்னுக்கு இரண்டு கணக்கு வருவது இதனால்தான்.

தேதியைத் தள்ளிப் போட்டால் என்ன ஆகும்?

நம் பிஸ்கட் கம்பெனி பிப்ரவரி 16-ஐ விட்டுவிட்டு, “ஏப்ரல் 20 திறப்பு விழாவுக்கு அப்புறம் மாத்திக்கலாம்” என்று முடிவெடுத்தால்? மார்ச் 31-ல் நிதியாண்டு முடிகிறது. நடுவில் 44 நாட்கள்.

அந்த 44 நாள் வட்டி சுமார் 48 லட்சம். இது செலவாக வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஆலைக்கு ஆண்டுத் தேய்மானம் சுமார் 5 கோடி என்று வைத்துக்கொண்டால், 44 நாளுக்கு 60 லட்சம். அதுவும் வரவில்லை. மொத்தம் 1 கோடிக்கு மேல் லாபம் கூடுதலாகத் தெரியும். பணம் எங்கும் போகவும் இல்லை, வரவும் இல்லை. தேதி மட்டும்தான் நகர்ந்தது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றும் நடப்பதுண்டு. ஆலை ரெடியான பிறகு முதல் சில மாதங்கள் ஆர்டர் குறைவாக இருக்கும். 30 சதவீதத் திறனில் ஓடி நட்டம் வரும். “இன்னும் செட்டில் ஆகல, இதுவும் ட்ரயல் தான்” என்று அந்த நட்டத்தையும் சொத்தில் ஏற்றுவது. இண்ட் ஏஎஸ் 16 இதை நேரடியாகவே தடுக்கிறது. இயந்திரத்தைச் சோதிப்பது ட்ரயல். மார்க்கெட்டைப் பிடிக்கக் காத்திருப்பது ட்ரயல் அல்ல. ஊழியர் பயிற்சிச் செலவும், புதுப் பொருளுக்கான விளம்பரச் செலவும்கூட ஆலையின் விலையில் சேராது.

வருமான வரியிலோ கதை தலைகீழ். அங்கே தேய்மானம் கேட்க ஆலை ரெடியாக இருந்தால் போதாது, பயன்படுத்தியிருக்க வேண்டும். முதல் ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதித் தேய்மானம்தான். அதனால் வரிக்கு ஒரு தேதி, புத்தகத்துக்கு ஒரு தேதி இருப்பது மட்டுமே தவறுக்கு அடையாளம் ஆகாது.

பங்கு வைத்திருப்பவர் எங்கே பார்க்கலாம்?

ஆண்டறிக்கையில் சி.டபிள்யூ.ஐ.பி குறிப்புக்குப் போங்கள். 2021 ஏப்ரல் முதல் ஒவ்வொரு கம்பெனியும் இந்தத் தொகையை வயது வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும்: 1 ஆண்டுக்குள், 1 முதல் 2, 2 முதல் 3, 3 ஆண்டுக்கு மேல். தற்காலிகமாக நிறுத்திய திட்டங்கள் தனி வரி. கெடு தாண்டிய அல்லது பட்ஜெட்டை மீறிய திட்டங்கள் எப்போது முடியும் என்பதும் தனியாக வர வேண்டும்.

அடுத்து, பங்குச் சந்தைக்குக் கம்பெனி கொடுத்த அறிவிப்புகள். வணிக உற்பத்தி தொடங்கிய தேதி முக்கியமானதாக இருந்தால் செபி விதிப்படி அதைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தேதியையும் சி.டபிள்யூ.ஐ.பி தொகை குறைந்த காலாண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

“புது ஆலை 60 சதவீதத் திறனில் ஓடுது” என்று நிர்வாகம் பேட்டி கொடுக்கிறது, ஆனால் சி.டபிள்யூ.ஐ.பி அப்படியே நிற்கிறது, தேய்மானமும் ஏறவில்லை என்றால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பதில் நியாயமாகவும் இருக்கலாம்: இரண்டு லைன் கொண்ட ஆலையில் முதல் லைன் மட்டும் ரெடியாகி, தனியாக ஓடக்கூடியதாக இருந்தால், அதற்கான தொகையை மட்டும் மாற்றிவிட்டு மீதியை சி.டபிள்யூ.ஐ.பி-யில் வைப்பது சரியே. அப்படியானால் குறைந்தபட்சம் ஒரு பகுதியாவது நகர்ந்திருக்க வேண்டும். ஒரு ரூபாய்கூட நகரவில்லை என்றால், அடுத்த ஏஜிஎம்மில் கமிஷனிங் ரிப்போர்ட் தேதி என்ன என்று கேளுங்கள்.