வளைத்தால் கசியும் வெளிச்சம்

ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் இன்டர்நெட் பெட்டியின் LOS விளக்கு சிவப்பாக எரிந்தால், பழுது பார்க்க வருபவர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி: "பீரோவை எங்கேயாவது நகர்த்தினீங்களா, சார்?" கேபிள் அறுந்திருக்க வேண்டியதில்லை. சுவரோரம் நசுங்கி மடிந்திருந்தாலே போதும், வெளிச்சம் பாதி வழியிலேயே கண்ணாடியை விட்டு வெளியேறிவிடும்.

ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் போகும்போது வேகம் மாறுகிறது. அதனால் எல்லைக்கோட்டில் திசையும் மாறுகிறது. இதுதான் ஒளிவிலகல். சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5, காற்றுக்கு 1. கண்ணாடிக்குள்ளிருந்து காற்றுக்கு வரும் கதிர், எல்லைக்குச் செங்குத்தான கோட்டை விட்டு விலகிச் சாயும். உள்ளே 30 டிகிரியில் வந்தால் வெளியே 49 டிகிரி. உள்ளே 40 என்றால் வெளியே 75. 41.8 டிகிரியில் கதிர் எல்லையை ஒட்டியே படுத்துவிடுகிறது. இதுதான் மாறுநிலைக் கோணம். அதற்கு மேல் வெளியேற வழியில்லை. ஒளி முழுவதும் உள்ளேயே திரும்புகிறது. பள்ளிப் பாடத்தில் படித்த முழு அக எதிரொளிப்பு இதுவே.

முகம் பார்க்கும் கண்ணாடி செய்வதும் எதிரொளிப்புதானே என்று கேட்கலாம். ஒவ்வொரு முறையும் 95 சதவீத ஒளியைத் திருப்பும் கண்ணாடியில் 100 முறை பட்டால் மிஞ்சுவது ஒரு சதவீதம்கூட இல்லை. முழு அக எதிரொளிப்பில் இந்த வரி பிடித்தம் கிடையாது.

அப்படியானால் வெறும் கண்ணாடி இழையே போதாதா? 1950-களில் அப்படித்தான் முயன்றார்கள். விரல் பட்ட இடத்தில், எண்ணெய் ஒட்டிய இடத்தில், இழையோடு இழை உரசிய இடத்தில் காற்றுக்குப் பதிலாக வேறொரு பொருள் வந்துவிடும். அங்கே ஒளி கசியும். இழைக்கு ஓர் உறை வேண்டும் என்பதை நெதர்லாந்தின் வான் ஹீல் 1954-இல் வெளியிட்டார். 1956-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் கர்ட்டிஸ் கண்ணாடிக்கே கண்ணாடி உறை போட்டு இழுத்தார். ஒளி திரும்பும் எல்லை அதோடு கண்ணாடிக்குள்ளேயே போய்விட்டது. வெளியே என்ன ஒட்டினாலும் கவலையில்லை.

இன்றைய இழையில் நடுவே உள்ள உள்ளகத்தின் எண் 1.450 என்றால், உறையின் எண் 1.444 என்ற அளவில் இருக்கும். வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. மாறுநிலைக் கோணம் இதனால் 84.8 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. இழையின் நீளவாக்கிலிருந்து 5 டிகிரிக்கு மேல் சாய்ந்த கதிர் தப்பிவிடும். வேண்டுமென்றேதான் இப்படி. எல்லாச் சாய்வையும் அனுமதித்தால் நேராகப் போகும் கதிர் 1 கிலோமீட்டர் கடக்கும்போது, மிகச் சாய்ந்து முட்டி மோதி வரும் கதிர் 1.5 கிலோமீட்டர் நடந்திருக்கும். ஒரே துடிப்பு முன்னும் பின்னுமாக வந்து அடுத்த துடிப்போடு கலந்துவிடும். 5 டிகிரிக்குள் நிறுத்தினால் அந்தக் கூடுதல் தூரம் 4 மீட்டர்தான். நம் வீட்டுக்கு வரும் இழையில் உள்ளகமே சுமார் 9 மைக்ரான். ஒளிக்கு ஒரே ஒரு பாதைதான்.

இவ்வளவு குறுகலான சலுகைக்கு வளைவு பகை. இழை வளைந்தால் வெளிப்புற எல்லையில் கதிர் படும் கோணம் குறைகிறது, 84.8-க்குக் கீழே இறங்கினால் போயிற்று. ஆனால் 9 மைக்ரான் இழைக்குக் கதிர்ப் படம் முழு உண்மையல்ல. ஒளி அலை, எல்லையில் கத்தரித்தாற்போல் நிற்பதில்லை. உறைக்குள்ளும் சற்றுப் பரவியே ஓடுகிறது. வளைவின் வெளிப்பக்கம் உள்ள அந்தப் பகுதி, நடுப்பகுதியைவிட அதிக தூரம் சுற்ற வேண்டும். ஓரளவுக்கு மேல் அதனால் ஈடுகொடுக்க முடியாமல் பிரிந்து வெளியே போய்விடுகிறது.

அலைநீளம் கூடக்கூட இந்தப் பரவலும் கூடும். வீட்டு ஃபைபரில் பரவலாக உள்ள ஜிபான் முறையில் நமக்கு வரும் ஒளி 1490 நானோமீட்டர், நாம் அனுப்புவது 1310. ஆகவே மடிப்பு முதலில் கடிப்பது வரும் வழியைத்தான். பழுதைக் கண்டுபிடிக்கும் தந்திரமும் இதிலேயே இருக்கிறது. ஓடிடிஆர் கருவியால் 1310-லும் 1550-லும் அளக்கிறார்கள். ஓரிடத்தில் 1550-இன் இழப்பு மட்டும் வெகுவாக எகிறினால் அது மடிப்பு. இரண்டிலும் ஏறக்குறைய சமம் என்றால் இழையை ஒட்டிய ஜாயின்ட் சரியில்லை. வீட்டுக்குள் என்றால் இவ்வளவு வேண்டாம், பேனா போன்ற சிவப்பு லேசரை ஒரு முனையில் பொருத்தினால் ஒளி கசியும் இடம் மேலுறையின் வழியே சிவப்பாகத் தெரியும்.

பழைய வகை இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது. G.657.A2 வகையில் 7.5 மில்லிமீட்டர் வரை போகலாம். உள்ளகத்தைச் சுற்றி எண் குறைந்த ஒரு வளையத்தைச் சேர்த்து, பரவும் ஒளியை உள்ளே பிடித்து வைப்பது இதில் வழக்கம். அதற்காகக் கதவு இடுக்கில் செருகி ஆணி அடிக்கலாம் என்றில்லை. ஒளி கசியாவிட்டாலும் வளைவின் வெளிப்பக்கக் கண்ணாடி எந்நேரமும் இழுபட்டே நிற்கிறது. அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல், ஈரம் சேரச் சேர வளர்ந்து, சில வருடங்கள் கழித்து ஒருநாள் யாரும் தொடாமலே இழை முறியலாம்.