ஈரப்பத மீட்டர் சொல்வது சரியா? சமையல் உப்பே சாட்சி!

பட்டுப்புழு வளர்ப்பு மனையின் சுவரில் ஒரு சின்ன டிஜிட்டல் மீட்டர் தொங்குகிறது. மேலே வெப்பநிலை, கீழே ஈரப்பதம். ஐந்தாம் பருவப் புழு தழை தின்னும் நாள்களில் அதில் 76 சதவிகிதம் என்று தெரிந்தால், வீட்டில் உள்ளவர்கள் ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். படுக்கையில் சுண்ணாம்புத் தூள் தூவுவார்கள். அந்தப் பருவத்துக்கு 65 முதல் 70 சதவிகிதம்தான் தேவை என்பதால் அவர்கள் செய்வது சரியான வேலை. ஆனால், மீட்டரே தப்பாகக் காட்டினால்?

அப்போது உண்மையான ஈரப்பதம் 70-ஆகவே இருந்திருக்கும். ஆனி, ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் காற்று விடாமல் அடிக்கும்போது ஜன்னலையும் திறந்துவிட்டால், போட்ட தழை சீக்கிரம் வாடிவிடும். வாடிய தழையைப் புழு சரியாகத் தின்னாது. கூட்டின் எடை குறையும். மீட்டர் குறைத்துக் காட்டினாலும் ஆபத்துதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மனைக்குள் ஈரம் ஏறியிருப்பது தெரியாமல் போனால், சுண்ணக்கட்டு நோய்க்கு வழி திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

குறைந்த விலை மீட்டர்களில் 5 சதவிகிதம் வரை கூடுதலோ குறைவோ காட்டுவது புதிதாக வாங்கும்போதே உண்டு. நாள்பட நாள்பட வித்தியாசம் இன்னும் கூடும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகத்துக்குப் போக வேண்டியதில்லை. சமையலறை உப்பும், மூடி இறுக்கமான ஒரு டப்பாவும் போதும்.

உப்பு ஏன் கசிகிறது?

மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் தண்ணீர் விடுவதைப் பார்க்காதவர்கள் இல்லை. சுத்தமான சமையல் உப்புக்கு ஒரு கணக்கு உண்டு. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், அது காற்றில் உள்ள நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். 75-க்குக் கீழே இறங்கினால், கரைந்த உப்பு நீரை விட்டுவிட்டுத் திரும்பக் காய்ந்துவிடும்.

கரையாத உப்பும் கொஞ்சம் உப்புநீரும் சேர்ந்திருக்கும் கலவையை ஒரு டப்பாவில் வைத்து மூடினால் இதேதான் நடக்கும். உள்ளே இருக்கும் காற்று உலர்ந்திருந்தால் கலவை ஈரத்தைக் கொடுக்கும். ஈரம் அதிகமாக இருந்தால் எடுத்துக்கொள்ளும். கடைசியில் டப்பாவின் காற்று 75 சதவிகிதத்தில் வந்து நிற்கும். இதைத்தான் நிறை உப்புக் கரைசல் முறை என்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனத்தில் லூயிஸ் கிரீன்ஸ்பான் என்பவர் 1977-ல் பல உப்புகளுக்கும் இந்த அளவுகளைத் தொகுத்து வெளியிட்டார். இன்றும் உலகம் முழுக்கப் புழங்குவது அந்தப் பட்டியல்தான். சமையல் உப்பில் இன்னொரு வசதியும் உண்டு. வெப்பநிலை 20 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனாலும் இந்த 75 என்ற அளவு ஒரு சதவிகிதம்கூட நகர்வதில்லை.

செய்முறை

இரண்டு, மூன்று லிட்டர் பிடிக்கும், உள்ளே இருப்பது வெளியே தெரியும், மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று வேண்டும். ஒரு சின்னக் கிண்ணத்தில் நான்கைந்து ஸ்பூன் பாக்கெட் தூள் உப்பைப் போட்டு, சொட்டுச் சொட்டாகச் சுத்தமான நீர் விட்டுக் கலக்க வேண்டும். ஈர மணல் பதம் வந்ததும் நிறுத்திவிடலாம். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. கரையாத உப்பு கண்ணுக்குத் தெரிந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். தப்பித்தவறிக் கரைந்துவிட்டால், இன்னும் உப்பைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

கிண்ணத்தை டப்பாவின் ஒரு மூலையிலும், மீட்டரை எதிர் மூலையில் ஒரு சின்ன மூடியின் மேலும் வைத்து மூட வேண்டும். மீட்டரில் உப்பு படவே கூடாது. பட்டால் சென்சார் கெட்டுவிடும். ஒயரில் தொங்கும் சென்சார் என்றால் அதை மட்டும் உள்ளே விட்டு, ஒயர் போகும் ஓட்டையை டேப் போட்டு அடைக்கலாம். துணித்திரி வைத்த ஈர உலர் வெப்பமானியை உள்ளே வைக்கக் கூடாது. திரியிலிருந்து நீர் ஆவியாகி டப்பாவின் கணக்கையே மாற்றிவிடும்.

டப்பாவை வெயில் படாத, மின்விசிறிக் காற்று நேராக அடிக்காத அறைக்குள் ஓர் இரவு முழுக்க வைத்துவிட வேண்டும். வெப்பநிலை ஏறி இறங்காமல் இருப்பது இங்கே ரொம்ப முக்கியம். உப்புக் கிண்ணத்துக்கும் சென்சாருக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் வந்தாலே, மீட்டர் 4 சதவிகிதத்துக்கு மேல் மாறிக் காட்டும். மூடியின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால், வெப்பநிலை மாறியிருக்கிறது என்று அர்த்தம். துடைத்துவிட்டு வேறு இடத்தில் வைத்துத் திரும்பச் செய்ய வேண்டும். காலையில் மூடியைத் திறக்காமலே மீட்டரைப் பார்த்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். இரண்டு முறையும் ஒரே எண் என்றால் அதுதான் முடிவு.

ஒரு கணக்கு

அனுமந்தன்பட்டியில் ஒரு வளர்ப்பு மனையின் மீட்டரை இப்படி வைத்துப் பார்த்ததில் 81 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 75 இருக்க வேண்டிய இடத்தில் 81 என்றால், 6 கூடுதல். இளம்புழு வளர்ப்புக்கு 85-க்குப் பக்கத்தில் ஈரப்பதம் தேவை என்பதால், அந்த அளவிலும் ஒரு சோதனை செய்வது நல்லது. அதற்குப் பொட்டாசியம் குளோரைடு உதவும். 30 டிகிரி வெப்பத்தில் அதன் அளவு ஏறத்தாழ 84. அதில் மீட்டர் 90 காட்டினால், அங்கேயும் 6 கூடுதல். அப்படியானால், மனையில் எந்த எண் தெரிந்தாலும் 6-ஐக் கழித்துவிட்டால் போதும். இளம்புழு அறையில் 85 காட்டுகிறது என்றால் உண்மையில் இருப்பது 79. இன்னும் ஈரம் சேர்க்க வேண்டும். மீட்டரின் முதுகில் ‘6 கழிக்கவும்’ என்று எழுதி, தேதியோடு ஒட்டிவிடலாம்.

உப்பில் 3 கூடுதல், பொட்டாசியம் குளோரைடில் 10 கூடுதல் என்று ஒவ்வோர் அளவுக்கும் வித்தியாசம் மாறினால், கழித்துச் சமாளிக்க முடியாது. மீட்டரை மாற்றிவிடுவதுதான் சரி. 72-க்கும் 78-க்கும் இடையில் காட்டும் மீட்டரைத் தொட வேண்டியதில்லை.

எங்கே தவறும்?

பொட்டாசியம் குளோரைடு என்றதும், தோட்டத்தில் இருக்கும் பொட்டாஷ் உரமே போதும் என்று தோன்றலாம். பொருள் அதேதான். ஆனால், உரத்தில் சாதாரண உப்பும் கலந்திருக்கும். இரண்டு உப்பு கலந்தால் ஈரப்பதம் 84-ல் நிற்காமல் கீழே இறங்கிவிடும். மீட்டர் சரியாக இருந்தாலும் தப்பாகத் தெரியும். ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் சின்ன டப்பா வாங்குவதுதான் வழி. இதே காரணத்தால் சுத்திகரிக்காத கல்லுப்பும் ஆகாது. கடலுப்பில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவிகித ஈரப்பதத்திலேயே கசியக் கூடியது. அது 75 என்ற அளவைக் கீழே இழுத்துவிடும். அயோடின் சேர்த்த தூள் உப்பில் அயோடின் மிகச் சொற்பம் என்பதால் பிரச்னை இல்லை.

மீட்டர் ஏன் கெடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மனையைக் கிருமி நீக்கம் செய்ய ஃபார்மலின், பிளீச்சிங் பவுடர் தெளிக்கும்போது பலர் மீட்டரைச் சுவரிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த ஆவி சென்சாரின் மெல்லிய படலத்தில் ஏறிவிடும். மருந்து அடிப்பதற்கு முன்பே மீட்டரைக் கழற்றி, வாடை முழுவதும் போன பிறகு மாட்ட வேண்டும். 80 சதவிகிதத்துக்கு மேல் நாள்கணக்கில் இருந்தாலும் சென்சார் கொஞ்சம் கூட்டிக் காட்டும். அது பெரும்பாலும் வெளிக்காற்றில் சில நாள் வைத்தால் தானாகவே சரியாகிவிடும்.

அதனால், இளம்புழுப் பருவம் முடிந்த உடனே சோதிக்காமல், மனை காலியாக இருக்கும் இடைவெளியில் நான்கைந்து நாள் கழித்து வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு வளர்ப்புக்கும் முன்பு ஓர் இரவு. அடுத்த முறை முட்டைத்தொகுதி வரும்போது, சுவரில் தெரியும் எண்ணில் எவ்வளவைக் கழிக்க வேண்டும் என்பது கையில் இருக்கும்.