மச்சான் கடையில வாங்கலாமா? ஒரு சின்ன சங்கத்துக்கு நலமுரண் விதி எழுதுவது எப்படி

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஒரு சங்கம் பதிவு பண்ண குறைஞ்சது 7 பேர் வேணும். அந்த 7 பேரை நாம எங்க இருந்து பிடிப்போம்? ரூம்மேட், அவனோட அண்ணன், ஊர்ல இருக்கிற சித்தப்பா, ஸ்கூல் ஃப்ரெண்ட் ரெண்டு பேர். பெரிய கம்பெனியில சொந்தக்காரங்க என்றைக்காவது ஒருநாள் உள்ளே வருவாங்க. சின்ன சங்கத்துல முதல் நாளே அவங்கதான் கையெழுத்து போட்டிருப்பாங்க.

இதுல தப்பு எதுவும் இல்லை. சங்கத்தோட பணத்தை எங்க செலவு பண்றது, யாரை வேலைக்கு எடுக்கிறதுன்னு முடிவு பண்ணும்போதுதான் சிக்கல் வருது. முடிவு எடுக்கிறவருக்கோ அவர் வீட்டாருக்கோ அந்த முடிவால லாபம் இருந்தா அதுக்குப் பேர் நலமுரண். அவர் கெட்டவரா இருக்கணும்னு இல்லை. ரெண்டு பக்கமும் அவரே நிக்கிறார், அவ்வளவுதான்.

இதுக்கு விதி எழுத உட்காருகிறவங்க முதல்ல எழுதுற வரி பெரும்பாலும் இது: "உறுப்பினர்களின் உறவினர்களிடம் எதுவும் வாங்கக் கூடாது." கேட்க நேர்மையா இருக்கும், ஆனா சின்ன ஊர்ல நிக்காது. இருக்கிற நல்ல பிரஸ் ஒண்ணே ஒண்ணு, அதுவும் தலைவரோட பெரியப்பா பையனுது. முழுசா தடை போட்டா, வேற பேர்ல பில் வாங்கி உறவை மறைப்பாங்க. அதனால விதியோட மையம் தடையா இருக்கக் கூடாது. உறவை முன்கூட்டியே சொல்லணும், சொன்னவர் அந்த முடிவுல இருந்து விலகணும், விலகினதை எழுதி வைக்கணும். இந்த மூணும்தான் மையம்.

உறவினர்னா யாரு?

இங்கதான் பல விதிகள் ஓட்டையாகுது. இணையத்துல கிடைக்கிற மாதிரிப் படிவத்தை எடுத்தா, "கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 2(77)-இல் சொன்ன உறவினர்" என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பிரிவும் அதோட விதியும் சொல்ற பட்டியல்: கணவன் அல்லது மனைவி, இந்து கூட்டுக் குடும்ப உறுப்பினர்கள், அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், சகோதரன், சகோதரி. மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை வழி உறவும் பெரும்பாலும் இதுல அடங்கும்.

இந்தப் பட்டியல்ல மச்சானைத் தேடிப் பாருங்க. இல்லை. தாய்மாமா இல்லை, சகலை இல்லை, சம்பந்தி இல்லை, அத்தை பையன் இல்லை. நம்ம வீடுகள்ல காசு கைமாறுறதும், கேட்டா மறுக்க முடியாததும் இந்த உறவுகள்லதான். 2026 மார்ச் வரை அமல்ல இருந்த 1961 வருமான வரிச் சட்டத்தோட 13-ஆம் பிரிவு, அறக்கட்டளைப் பணம் நிர்வாகிகளோட சொந்தத்துக்குப் போறதைப் பத்திப் பேசும்போது இன்னும் அகலமா போச்சு. மனைவியோட அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி பிள்ளைகள் எல்லாம் அதுல வந்தாங்க. ஆனா தாய்மாமாவும் சம்பந்தியும் அதுலயும் வரல.

அதனால சட்டப் பிரிவு எண்ணைப் போட்டு முடிக்காம, உறவுப் பெயர்களையே விதியில எழுதுங்க. மாமா, மச்சான், கொழுந்தன், சகலை, சம்பந்தி, சித்தப்பா, பெரியப்பா, அத்தை, இவங்க பிள்ளைகள் என்று தமிழ்ல வரிசையா எழுதினா, படிக்கிறவருக்கு அகராதி தேவைப்படாது. கூட்டுத் தொழில் பண்ற நண்பர், கடன் கொடுத்தவர், கடன் வாங்கினவர், இப்ப வேலை பார்க்கிற கம்பெனி இதெல்லாம் சேரணும்.

பட்டியலுக்கு வெளியேயும் ஆட்கள் இருப்பாங்க. அவங்களுக்கு ஒரு கேள்வி போதும்: "முடிவு இவருக்கு எதிரா போனா, அடுத்த விசேஷத்துல இவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமா இருக்குமா?" ஆமான்னா, சொல்லிடணும்.

எப்போ சொல்லணும்?

மூணு தடவை. கமிட்டியில சேரும்போது ஒரு தடவை, ஒவ்வொரு நிதியாண்டுத் தொடக்கத்துலயும் ஒரு தடவை, புதுசா ஒரு விஷயம் வந்த உடனே ஒரு தடவை. கம்பெனி இயக்குநர்களுக்குப் பிரிவு 184 இதே மாதிரிதான் கேட்குது. ஒவ்வொரு நிதியாண்டோட முதல் போர்டு மீட்டிங்கிலயும் எம்.பி.பி-1 என்ற படிவத்துல அவங்க தங்களோட தொடர்புகளைச் சொல்லணும்.

படிவம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இந்த அளவுக்கு இருந்தா போதும்:

"நானோ, விதி 2-இல் உள்ள என் உறவினரோ நடத்தும் கடை, தொழில், நிறுவனம்: ____. சங்கத்தில் சம்பளம் அல்லது உதவித்தொகை பெறும் என் உறவினர்: ____. கமிட்டியில் உள்ள என் உறவினர்: ____. எதுவும் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதுகிறேன். மாற்றம் வந்தால் 7 நாட்களுக்குள் தெரிவிப்பேன்."

"இல்லை" என்று கையால எழுத வைப்பது முக்கியம். காலியா விட்ட கட்டத்துக்குப் பின்னாடி "மறந்துட்டேன்" சொல்லலாம். "இல்லை"ன்னு எழுதினதுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரு கற்பனைச் சங்கம். 7 பேர் கமிட்டி, கோரம் 4. மாலை நேர டியூஷன் சென்டர்ல 400 பிள்ளைங்க, ஆளுக்கு 6 நோட்டு, மொத்தம் 2,400 நோட்டு வாங்கணும். பொருளாளரோட மச்சான் ஸ்டேஷனரி கடை வெச்சிருக்கார்.

பொருளாளர் இதை எப்போ சொல்லணும்? "கொட்டேஷன் வந்த பிறகு" என்பதுதான் பலரோட பதில். அது லேட். என்ன நோட்டு வேணும், எத்தனை பக்கம், என்ன சைஸ், எத்தனை நாள்ல டெலிவரி என்று எழுதும்போதே அவர் வெளியே இருக்கணும். மச்சான் கடையில ஸ்டாக் இருக்கிற சைஸை மட்டும் கேட்டு, "3 நாள்ல டெலிவரி" என்று போட்டாலே மத்த கடைக்காரங்க ஓடிடுவாங்க. கொட்டேஷன்ல எந்தத் தப்பும் தெரியாது.

நம்ம பொருளாளர் முதல்லயே சொல்லிட்டார். செயலாளர் மூணு கொட்டேஷன் வாங்குறார். 192 பக்க நோட்டு ஒண்ணுக்கு மச்சான் கடை 34 ரூபாய், இரண்டாவது கடை 35, மூணாவது கடை 36. கூட்டத்துல இந்த விஷயம் வரும்போது பொருளாளர் அறையை விட்டு வெளியே போறார். "நான் ஓட்டு போடல, சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்பது செல்லாது. அவர் எதிர்ல உட்கார்ந்திருக்கும்போது யாரும் "அந்தக் கடை வேணாம்"னு வாய் திறக்க மாட்டாங்க. மீதி 6 பேர் இருக்காங்க, கோரம் 4 இருக்கு, முடிவு செல்லும். 2,400 × 34 = 81,600 ரூபாய். குறைஞ்ச விலை மச்சானுதே, ஆர்டர் அவருக்கே போகுது. இதுல எந்தத் தப்பும் இல்லை.

மினிட்ஸ்ல நாலு விஷயம் ஏறணும்: யார் என்ன உறவைச் சொன்னார், எப்போ வெளியே போனார், மூணு விலையும் என்ன, ஏன் இந்தக் கடை.

பல விதிகள் இத்தோட முடிஞ்சிடுது. ஆனா விலகல் ஓட்டோட முடியக் கூடாது. சரக்கு வந்து இறங்கும்போது யார் சரிபார்க்கிறது, செக்ல யார் கையெழுத்து போடுறது? பொருளாளரே ரெண்டையும் பண்ணினா, ஆரம்பத்துல பார்த்த மொத்த வேலையும் வீண்.

வந்த நோட்டுல 192 பக்கத்துக்குப் பதில் 176 பக்கம்தான் இருக்குன்னு வெச்சுக்குவோம். 96 தாள் இருக்க வேண்டிய இடத்துல 88 தாள். பன்னிரண்டுல ஒரு பங்கு குறைவு. கையில எடுத்துப் பார்த்தா தெரியாது. கொட்டேஷனோட வாங்கி செயலாளர் கிட்ட வெச்ச சாம்பிள் நோட்டு பத்தை ஒரு தட்டுலயும், வந்ததுல இருந்து எடுத்த பத்தை இன்னொரு தட்டுலயும் வெச்சா, தராசு சொல்லிடும். 81,600-ல பன்னிரண்டுல ஒரு பங்கு 6,800 ரூபாய். தாள் கணக்குப்படி பார்த்தா, 192 பக்கத்துக்கு நாம கொடுத்த விலை 37 ரூபாய்க்கு மேல. 36 ரூபாய் சொன்ன மூணாவது கடையை விடவும் அதிகம்!

அதனால விதியில இந்த வரி கட்டாயம் வேணும்: "நலமுரண் தெரிவித்தவர், அந்தப் பொருளின் விவரக்குறிப்பு எழுதுதல், விலை ஒப்பீடு, முடிவு, சரக்குச் சரிபார்ப்பு, பணம் வழங்கல் ஆகிய எதிலும் பங்கேற்கக் கூடாது." பொருளாளருக்குப் பதிலா கையெழுத்து போட இன்னொரு ஆளை வங்கிக் கணக்குல முன்கூட்டியே சேர்த்து வெச்சாதான் இந்த வரி நடைமுறைக்கு வரும்.

சின்னச் செலவுக்கெல்லாம் இவ்வளவு பண்ண முடியாது. ஒரு தொகைக்குக் கீழே படிவத்துல சொன்னா போதும், விலகத் தேவையில்லைன்னு வரம்பு வைக்கலாம். ஆனா அந்த வரம்பை ஒரு பில்லுக்கு வைக்காதீங்க. ஒரு கடைக்கு, ஒரு நிதியாண்டுக்குன்னு வைங்க. பில்லுக்கு 5,000 என்று வெச்சா, 4,900 ரூபாய் பில்கள் வரிசையா வர ஆரம்பிக்கும். ஒரே கடையில இருந்து அடுத்தடுத்த தேதியில, வரம்புக்குக் கொஞ்சம் கீழே பில் வந்தா, விதியை யாரோ நல்லாப் படிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

வேலைக்கு எடுக்கும்போது

செயலாளரோட அத்தை பொண்ணு பி.காம் முடிச்சிருக்கா, சங்கத்துக்குக் கணக்கு எழுத ஆள் வேணும். அவ அப்ளை பண்ணலாம். விளம்பரம் எழுதுறது, ஷார்ட்லிஸ்ட், இன்டர்வியூ, சம்பளம் நிர்ணயிக்கிறது எதுலயும் செயலாளர் இருக்கக் கூடாது. சேர்ந்த பிறகும் அவளோட லீவு, சம்பள உயர்வு, வேலை மதிப்பீடு எல்லாம் வேற ஒருத்தர் கையில இருக்கணும்.

இதுக்கும் மேல ஒரு கோடு போட்டே ஆகணும். செக்ல கையெழுத்து போடுறவரும் கணக்கு எழுதுறவரும் ஒரே குடும்பமா இருக்கக் கூடாது. ஒருத்தர் செலவு பண்ணினதை இன்னொருத்தர் பார்த்து "இதுக்கு பில் எங்க?"ன்னு கேட்பதுதான் சின்ன சங்கத்துல இருக்கிற ஒரே தினசரி ஆடிட். ரெண்டு பேரும் ஒரே வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டா அந்தக் கேள்வி வராது. இங்க மட்டும் சொன்னாலும் விலகினாலும் போதாது, தடைதான். அத்தை பொண்ணு வேணும்னா, செயலாளர் செக் அதிகாரத்தை விடணும்.

விதி எங்க உடையும்?

3 டிரஸ்டி இருக்கிற அறக்கட்டளை, அதுல 2 பேர் அண்ணன் தம்பி. அவங்க அக்கா கடை விஷயம் வந்தா ரெண்டு பேரும் வெளியே போகணும், மிச்சம் ஒருத்தர், கோரம் இல்லை. இந்த நிலைமைக்கு அன்னைக்கு உட்கார்ந்து வழி தேடினா, "இந்த ஒரு தடவை விட்டுடுவோம்" என்பதுதான் வழியாகும். சொந்தம் இல்லாத வெளியாள் ரெண்டு பேரை (ஒரு பேராசிரியர், ஒரு பழைய மாணவர்) வருஷத் தொடக்கத்துலயே தீர்மானம் போட்டு நியமிச்சு வைங்க. டிரஸ்ட் பத்திரம் இதுக்கு இடம் கொடுக்குதான்னு முதல்ல பார்த்துடுங்க. இல்லைன்னா அவங்க கருத்தைப் பதிவு பண்ணலாம், ஓட்டா எண்ண முடியாது.

தலைவருக்கே நலமுரண் வந்தா யார்கிட்ட சொல்றது? துணைத்தலைவர்கிட்டன்னு பதவிப் பெயரோட எழுதுங்க. சொல்லாம விட்டவருக்கு என்ன? படியா எழுதுங்க: தெரிஞ்ச உடனே அந்த முடிவு மறுபரிசீலனைக்கு வரும், கூடுதலா கொடுத்த பணம் திரும்ப வரணும், ரெண்டாவது தடவைன்னா கமிட்டியில இருந்து நீக்கம். தானா வந்து தாமதமா சொன்னவருக்கும், மாட்டிக்கிட்டவருக்கும் ஒரே தண்டனை வேண்டாம். அப்படி வெச்சா யாரும் தானா வர மாட்டாங்க.

எழுதி முடிச்ச விதி ரெண்டு பக்கத்துக்குள்ள அடங்கிடும். அது வேலை செய்யுதான்னு தெரிஞ்சிக்க, ஒரு வருஷம் கழிச்சு நலமுரண் பதிவேட்டைத் திறந்து பாருங்க. 7 பேர் கமிட்டி, ஒரு வருஷச் செலவு, ஆனா எல்லாப் படிவத்துலயும் "இல்லை", "இல்லை", "இல்லை"ன்னு மட்டும் இருக்கா? அப்போ அந்த வருஷ பில்களை எடுத்து, கடைப் பேருக்குப் பக்கத்துல ஓனர் பேரையும் எழுதிப் பாருங்க.