உங்களுக்குத் தெரியுமா? திரையில் 4 கோடி டாலர், கையில் 1.85

“இயந்திரம் பழுதானால் பரிசு எதுவும் செல்லாது” என்ற வாசகம் அமெரிக்க ஸ்லாட் இயந்திரங்களில் சிறிய எழுத்தில் இருக்கும். 2011இல் அயோவா மாநிலக் காசினோ ஒன்றில், மூதாட்டி ஒருவர் ஆடிய ‘மிஸ் கிட்டி’ இயந்திரத் திரையில் 4 கோடியே 17 லட்சம் டாலருக்கு மேல் போனஸ் என்று தோன்றியது. காசினோ தந்ததோ 1.85 டாலர். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆட்ட விதிகளே ஒப்பந்தம், அவற்றில் போனஸ் என்ற பேச்சே இல்லை என்று 2015இல் தீர்ப்பானது. பழுது வாசகம்கூடத் தேவைப்படவில்லை!

ஆகவே ஆட்டக்காரர் முதலில் பார்க்க வேண்டியது பரிசுப் பட்டியலை. திரையில் விழுந்த சின்னங்களின் சேர்க்கைக்கு, திரை காட்டிய தொகை அதில் இருந்தால் வாதாட இடமுண்டு. திரையைப் படமெடுத்துக்கொண்டு, இயந்திரத்தை யாரும் தொடாமல் நிறுத்திவைக்கச் சொல்லி, அரசின் சூதாட்டக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் புகார் செய்யலாம். நெவாடாவில் தீராத தகராறு 500 டாலரோ அதற்கு மேலோ என்றால், காசினோவே மாநிலச் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உடனே தெரிவித்தாக வேண்டும்.