43 விநாடித் துண்டிப்பு, 24 மணி நேர மீட்பு

பெரிய இணையச் சேவைகள் தங்கள் தரவுத்தளத்தை ஒரே ஊரில் வைப்பதில்லை. ஓரிடத்தில் முதன்மைத் தரவுத்தளம் இருக்கும்; புதிய பதிவுகளை எழுதும் உரிமை அதற்கு மட்டுமே. வேறொரு பிராந்தியத்தில் அதன் நகல் காத்திருக்கும். முதன்மை முடங்கினால் நகலுக்கு எழுதும் உரிமை கொடுத்து, பயனர்களை அதன் பக்கம் திருப்பிவிடுவார்கள். நகல் எப்போதும் முதன்மையைவிடச் சற்றுப் பின்தங்கியே ஓடும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். பெரும்பாலான அமைப்புகளில், முதன்மை ஒரு பதிவை ஏற்றுக்கொண்ட பிறகே அது தொலைதூர நகலுக்குப் போகிறது. அந்த இடைவெளியில் இணைப்பு அறுந்தால், ஏற்கப்பட்ட சில பதிவுகள் நகலுக்கு வந்தே சேராது.

மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில், 2018 அக்டோபர் 21 அன்று இதுவே நடந்தது. அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் பழுதான ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றும் வேலையின்போது, முதன்மைத் தரவு மையத்தின் இணைப்பு அறுந்தது. 43 விநாடிகளில் அது திரும்பிவிட்டது. ஆனால் தரவுத்தளங்களைக் கண்காணிக்கும் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருள் அதற்குள் முடிவெடுத்துவிட்டது. கிழக்கு மையத்துக்கு வெளியே இருந்த அதன் கணுக்களுக்குப் பெரும்பான்மை கிடைத்ததால், அவை மேற்குக் கடற்கரை நகல்களை முதன்மையாக உயர்த்தின. அந்த மென்பொருள் தனக்கு இட்ட விதிப்படியே நடந்தது. நாட்டின் மறுகரைக்குத் தரவுத்தளத்தை மாற்றலாமா என்பதை அந்த விதி கேட்கவில்லை; பிழை அங்கேதான் இருந்தது.

இணைப்பு திரும்பியபோது இரு கரைகளிலும் ஒன்றிடம் இல்லாத பதிவுகள் மற்றதிடம் இருந்தன. கிழக்கில், மேற்குக்குப் போய்ச் சேராத சில விநாடிப் பதிவுகள் கிடந்தன. மேற்கிலோ ஏறத்தாழ 40 நிமிடங்களுக்குப் புதிய பதிவுகள் சேர்ந்துவிட்டன. இந்நிலையில் எழுதும் உரிமையைக் கிழக்குக்கே திருப்பிக் கொடுத்தால் அந்த 40 நிமிட உழைப்பு அழியும். மேற்கிலேயே விட்டாலோ தளம் தவழும். ஏனென்றால் செயலிகள் கிழக்கில் இருந்தன, ஒவ்வொரு கேள்வியும் நாட்டைக் கடந்து போய்வர வேண்டியிருந்தது. ஒரு பக்கத்தைக் காட்டப் பல கேள்விகள் தேவைப்படும்போது இந்தத் தாமதம் பெருகிக்கொண்டே போகும்.

இத்தகைய நேரத்தில் முதலில் பழைய முதன்மையின் எழுதும் உரிமையைப் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே வேறுபாடு வளரும். அடுத்து, இரு பக்கமும் ஏற்ற பரிவர்த்தனைகளை ஒப்பிட வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி அடையாள எண் தரும் வசதி உண்டு. அது முன்பே இயக்கத்தில் இருந்தால், இரு சேவையகங்களின் `gtid_executed` பட்டியல்களை எடுத்து இப்படிக் கேட்கலாம்:

```
SELECT GTID_SUBTRACT(@old_set, @new_set);
```

விடை வெறுமையாக வந்தால், பழையதில் இருந்த எல்லாம் புதியதிலும் இருக்கிறது. ஏதேனும் எண்கள் வந்தால், அவையே புதியதில் விடுபட்ட பரிவர்த்தனைகள். பட்டியல்களை இடம் மாற்றி மறுபடியும் கேட்டால், புதியதில் மட்டும் உள்ளவை தெரியும். இரண்டு விடையிலும் எண்கள் இருந்தால் இரு பக்கமும் பிரிந்துவிட்டன என்று பொருள். பழைய பிராந்தியம் அடியோடு முடங்கி, அதன் பட்டியல் கிடைக்காதபோது இந்த வழி உதவாது.

வரிசைகளை மட்டும் எண்ணிப் பார்ப்பது ஏமாற்றிவிடும். அட்டவணை எண் 5001-ஐ கிழக்கு ஒருவருடைய பதிவுக்கும், மேற்கு வேறொருவருடைய பதிவுக்கும் கொடுத்திருக்கலாம். எண்ணிக்கை இரு பக்கமும் ஒன்றாகவே காட்டும். உள்ளே இருப்பது வேறு. ஆகவே அட்டவணைகளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்களை ஒப்பிட வேண்டும்.

தளத்தைச் சீக்கிரம் திறப்பதைவிடத் தரவைக் காப்பதே முக்கியம் என்று கிட்ஹப் பொறியாளர்கள் முடிவெடுத்தார்கள். அது சரியான முடிவு. கிழக்கின் தரவுத்தளங்களைக் காப்பு நகல்களிலிருந்து மீட்டு, மேற்கிலிருந்து விடுபட்டவற்றை நகலெடுக்க விட்டு, பிறகே எழுதும் உரிமையைத் திருப்பினார்கள். பல டெராபைட் காப்பு நகல்களைத் தொலைவிலிருந்து இறக்கவே மணிக்கணக்கானது. மறுநாள் முதன்மைகள் கிழக்குக்குத் திரும்பிய பின்னும், வாசிப்புக்கான பல நகல்கள் சில மணி நேரம் பின்தங்கியிருந்தன. அதனால் பயனர்கள் சில பக்கங்களில் பழைய தரவையே கண்டார்கள். முதன்மையைச் சரிபார்ப்பதோடு நிற்காமல், பயனர் வாசிக்கும் ஒவ்வொரு நகலின் தாமதத்தையும் பார்ப்பது அவசியம் என்பதற்கு இதுவே சான்று.

சேவை முழுமையாகச் சீராக 24 மணி நேரம் 11 நிமிடம் ஆனது. மேற்குக்குப் போய்ச் சேராத கிழக்குப் பதிவுகள், மிகவும் பரபரப்பான தரவுத்தளத் தொகுப்புகளில் ஒன்றில் 954 இருந்தன. அவை அடங்கிய பதிவேடுகளை அழிக்காமல் எடுத்துவைத்து, தானாகச் சேர்க்கக்கூடியவை எவை, பயனரைக் கேட்க வேண்டியவை எவை என்று ஆராய்ந்தார்கள். பிராந்திய எல்லையைத் தாண்டித் தரவுத்தளத்தை உயர்த்தாதபடி ஆர்க்கெஸ்ட்ரேட்டரின் விதியும் மாற்றப்பட்டது.