துண்டு ஒன்றுக்கு எழுபத்தாறு சென்ட்

கரூரில் பத்துத் தறி ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இத்தனை நாளும் பெரிய ஏற்றுமதியாளருக்கு ஜாப் ஒர்க்காகக் கிச்சன் டவல் நெய்துகொடுத்தவர், இனி நேரடியாக விற்கலாம் என்று பார்க்கிறார். ஐ.இ.சி. எண் வாங்குவது பெரிய வேலையில்லை. பான் எண்ணை வைத்து ஆன்லைனிலேயே முடிந்துவிடும். வாங்குபவரைப் பிடிப்பதுதான் பாடு.

பிராங்க்பர்ட்டில் ஜனவரி தோறும் நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போகலாம்தான். ஆனால் முதல் வருடமே அந்தச் செலவு தாங்காது. ஐரோப்பியக் கடைகளில் விற்கும் டவல்களின் லேபிளிலும் அட்டையிலும் இறக்குமதி செய்தவர் பெயர் பல நேரம் இருக்கும். தன் சரக்கைப் போன்ற சரக்கை ஏற்கெனவே வாங்கி விற்பவர் யார் என்று அதிலிருந்து தெரிந்துவிடும். அவர்களுக்கு மட்டும் எழுதினால் போதும். நாற்பது மடலுக்கு இரண்டு பதில் வந்தால் நல்ல அறுவடை. வந்த பதிலிலும், ஆர்டர் தருவதற்கு முன் பதிவுக் கட்டணம் கட்டச் சொல்பவரைக் கழித்துவிட வேண்டும். வாங்குகிறவர் விற்கிறவரிடம் பணம் கேட்க மாட்டார்.

நெதர்லாந்திலிருந்து ஒருவர் சாம்பிளும் விலையும் கேட்கிறார் என்று வைப்போம். 50க்கு 70 சென்டிமீட்டர், 200 ஜி.எஸ்.எம். டவல். கணக்குப்படி ஒரு துண்டு 70 கிராம் இருக்க வேண்டும். அனுப்பும் முன் தராசில் போட்டால் 63 கிராம் காட்டினால், அது 180 ஜி.எஸ்.எம்.தான். அவரும் நிறுத்துப் பார்ப்பார், துவைத்தும் பார்ப்பார். சுருக்கத்துக்கு இடம் விடாமல் நெய்திருந்தால் 70 சென்டிமீட்டர் முதல் துவைப்பிலேயே 66 ஆகிவிடும்.

சாம்பிளில் நடக்கும் பெரிய தவறு, அதை ரொம்ப நன்றாகச் செய்துவிடுவது. நல்ல தறியில், கைதேர்ந்தவரை வைத்து நெய்து, தனியாகச் சாயம் போட்டு அனுப்பிவிடுகிறோம். பிறகு ஆயிரக்கணக்கில் ஓடும்போது அந்த நிறம் வருவதில்லை. ஆர்டர் ஓடப்போகும் அதே தறியில், அதே நூலில், அதே சாயப்பட்டறையில் செய்ததைத்தான் அனுப்ப வேண்டும். ஒன்று அனுப்பினால் அதன் இரட்டை ஒன்றைத் தேதி எழுதி பீரோவில் வைக்க வேண்டும். நாளை தகராறு வந்தால் பேசப்போவது அந்தத் துண்டுதான். சாம்பிளை இலவசமாகக் கொடுக்கலாம், கூரியர் செலவை அவரே ஏற்கச் சொல்லலாம். நிஜமாக வாங்க நினைப்பவர் தன் கூரியர் கணக்கு எண்ணைத் தரத் தயங்க மாட்டார்.

இனி விலை. லாபம், பேக்கிங் எல்லாம் சேர்த்து ஆலை வாசலில் துண்டு 60 ரூபாய் ஆகிறது என்போம். 12,000 துண்டு. தூத்துக்குடிக்கு லாரி, கஸ்டம்ஸ் ஏஜென்ட், துறைமுகக் கட்டணம் எல்லாம் 36,000 ரூபாய். துண்டுக்கு மூன்று ரூபாய். வங்கிக் கட்டணத்துக்கு ஒரு ரூபாய். ஆக 64. டாலர் 85 ரூபாய் என்று எடுத்தால் 75 சென்ட்டைத் தாண்டுகிறது. 76 என்று சொல்லலாம். ‘எஃப்.ஓ.பி. தூத்துக்குடி’ என்று துறைமுகத்தின் பெயரோடு எழுத வேண்டும்: கப்பலில் ஏற்றும் வரை செலவும் பொறுப்பும் நம்முடையவை, அதன்பின் அவருடையவை. சி.ஐ.எஃப். என்றால் கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் நாம் கட்டுகிறோம். ஆனால் சேதத்தின் பொறுப்பு அதிலும் ஏற்றும் துறைமுகத்திலேயே கைமாறிவிடுகிறது. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். விலை எத்தனை நாள் செல்லும் என்பதையும் எழுத வேண்டும். நூல் விலை நமக்காகக் காத்திருக்காது.

“முதலில் 500 துண்டு மட்டும் அனுப்புங்கள்” என்பார் அவர். இங்கேதான் கணக்கு உதைக்கும். சரக்கு சிறிதானாலும் ஏஜென்ட் கட்டணமும் காகித வேலையும் அதே விகிதத்தில் குறையாது. 25,000 ரூபாய் ஆனாலும் துண்டுக்கு 50 ரூபாய் ஏறிவிடும். குறைந்தபட்ச ஆர்டர் என்று ஒரு எண் சொல்வது கறார் அல்ல, இந்த வகுத்தல் கணக்கு. 500தான் வேண்டுமென்றால் ஆலை வாசல் விலை சொல்லி, எடுத்துப்போவதை அவர் பொறுப்பில் விட்டுவிடலாம்.

பணத்துக்கு, முதல் ஆர்டரில் 30 சதவீதம் முன்பணம், மீதி பில் ஆஃப் லேடிங் நகலைக் காட்டியதும் என்று பேசுவது வழக்கம். அசல் நம் கையில் இருக்கும்வரை அவரால் சரக்கை எடுக்க முடியாது. ஆனால் அவர் மனம் மாறினால் சரக்கு ராட்டர்டாமில் கிடந்து வாடகை ஏறும். அவருடைய லோகோ நெய்த துண்டை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. முன்பணம் வங்கிக்கு வந்துவிட்டதா என்று பார்க்காமல் பாவு ஓட்டக் கூடாது என்பது அதனால்தான்.

அப்புறம் அவர் 72 சென்ட்டுக்குக் கேட்பார். 61 ரூபாய் 20 காசு. அதில் நாலு ரூபாய் துறைமுகத்துக்கும் வங்கிக்கும் போனால் மிஞ்சுவது 57 ரூபாய்ச் சொச்சம். துண்டுக்கு ஐந்து ரூபாய் லாபம் வைத்திருந்தவருக்கு இரண்டே கால்கூட நிற்காது. 200ஐ 180 ஆக்கி அந்த விலைக்குக் கொடுக்கலாம். அதை மடலில் எழுதி, 63 கிராமில் புது சாம்பிளும் அனுப்பி, அவர் சரி என்ற பிறகு.